எல்லாமே ‘விளைவு’ என்றால் எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திட்ட நிறைவு அறிக்கை எழுதுவது குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் அறிக்கையின் நடுப்பகுதிக்கு ‘விளைவுகள்’ என்று ஒரே தலைப்பு போதும் என்று கட்டுரையாளர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இத்தகைய அறிக்கைகளைப் படித்து மதிப்பிடுவதே என் வேலை. நாம் செய்தது, அதனால் நடந்தது, நடக்கும் என்று நம்புவது ஆகிய மூன்றும் ஒன்றாகக் குழம்பிக் கிடப்பது அந்த ஒற்றைத் தலைப்புக்குள்தான்.

ஒரு கற்பனைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அலுவலகத்தில் விண்ணப்பங்களைக் கணினியில் பதியும் முறை கொண்டுவரப்படுகிறது. 240 ஊழியர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. அறிக்கை ‘விளைவு: 240 பேர் பயிற்சி பெற்றனர்’ என்று தொடங்கும். அது விளைவே அல்ல. திட்டம் தன் பணத்தையும் உழைப்பையும் போட்டுச் செய்து முடித்த வேலை. ஆங்கிலத்தில் அவுட்புட் என்பார்கள். தமிழில் ‘வெளியீடு’ என்று எழுதினால் புத்தக வெளியீடு நினைவுக்கு வருகிறது. ‘செய்து முடித்தவை’ என்றே தலைப்பிடலாம். ஆறு மாதம் கழித்து அவர்களில் 150 பேர் புதிய முறையில் பதிகிறார்கள் என்றால் அதுதான் விளைவு, அதாவது அவுட்கம். வாக்கியத்தின் எழுவாயைப் பார்த்தாலே வேறுபாடு புரிந்துவிடும். ‘நாங்கள் நடத்தினோம்’ என்று முடிந்தால் செய்த வேலை. ‘அவர்கள் பயன்படுத்துகிறார்கள்’ என்று முடிந்தால் விளைவு.

இதைவிடச் சிக்கலானது கண்டறிந்தவற்றுக்கும் விளைவுக்கும் இடையிலான கோடு. விண்ணப்பம் ஒன்றுக்கு முன்பு சராசரியாக 9 நாள் ஆனது, இப்போது 4 நாள் ஆகிறது என்று பதிவேடு காட்டுகிறது. இது கண்டறிந்தது, பதிவேட்டைத் திறந்து யாரும் சரிபார்க்கலாம். ‘பயிற்சியினால் 5 நாள் குறைந்தது’ என்று எழுதும்போது அதே எண், காரணம் ஒன்றை நிலைநாட்டும் கூற்றாக மாறிவிடுகிறது. அந்த ஆறு மாதத்தில் வந்த விண்ணப்பங்களே பாதியாகக் குறைந்திருந்தால்? பழைய முறையிலும் வேலை விரைவாக முடிந்திருக்கும். பயிற்சி நடக்காத வேறொரு பிரிவில் எத்தனை நாள் ஆகிறது என்று ஒப்பிட்டிருக்க வேண்டும். அங்கேயும் 9 நாள் 4 ஆகியிருந்தால் ‘பயிற்சியினால்’ என்ற சொல் நிற்காது. ஆனால் கண்டறிந்தது அப்படியே நிற்கும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பிணைத்துவிட்டால், காரணம் சரியும்போது சரியான எண்ணும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகிறது.

‘விளைவு’க்குப் பதிலாகச் சிலர் ‘பலன்கள்’ என்று போடுகிறார்கள். கேட்க இனிமையான சொல்தான், ஆனால் அதற்குள் நல்லது மட்டுமே நுழைய முடியும். காகிதத்தில் விண்ணப்பம் கொண்டுவருவோருக்கு இருந்த மூன்று கவுன்ட்டர்கள் ஒன்றாகச் சுருங்கி, அங்கே காத்திருப்பு கூடியதை எந்த இடத்தில் எழுதுவது? பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2002-இல் வெளியிட்ட மதிப்பீட்டுச் சொற்களஞ்சியம், நினைத்தது, நினையாதது, நல்லது, கெட்டது எல்லாவற்றையும் திட்டத்தின் விளைவுகளாகவே கணக்கில் எடுக்கிறது. காத்திருப்பு கூடியதைப் ‘பின்விளைவு’ என்று தனியாக எழுதலாம். தமிழில் அந்தச் சொல்லுக்குக் கெடுதல் சாயல் உண்டு என்பது இங்கே வசதிதான். அறிக்கை எழுதுபவர்கள் அந்தச் சாயலுக்கு அஞ்சியே அந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள் என்பது என் ஐயம்.

‘முடிவு’ என்ற சொல்லைத் தலைப்பாக வைக்கவே வேண்டாம். ‘திட்டத்தின் முடிவு’ என்றால் திட்டம் முடிந்த நாளா, எடுத்த தீர்மானமா, கிடைத்த விளைவா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ‘தாக்கம்’ என்பதும் நிறைவு அறிக்கையில் பெரும்பாலும் பொருந்தாது. நெடுநாள் மாற்றத்தைக் குறிக்கும் அந்தச் சொல்லை, திட்டம் முடிந்த கையோடு ‘ஏற்பட்டது’ என்று இறந்தகாலத்தில் எழுத முடியாது. ‘எதிர்பார்க்கிறோம்’ என்று சொல்வதே நேர்மை.

இன்னொன்றும் உண்டு. ‘கடைசியில் என்னதான் ஆயிற்று?’ என்று மேலதிகாரி கேட்பாரே, அதற்கான பதில். அதற்குத் தனித் தலைப்பு தேவையில்லை. அறிக்கையின் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். என் கற்பனைத் திட்டத்துக்கு அது இப்படி இருக்கும்: “பயிற்சி பெற்ற 240 பேரில் 150 பேர் புதிய முறைக்கு மாறினர், விண்ணப்பங்கள் முன்பைவிட விரைவாக முடிகின்றன, ஆனால் அது பயிற்சியால்தான் என்று உறுதியாகச் சொல்ல ஒப்பீடு இல்லை, காகித விண்ணப்பதாரர்களின் காத்திருப்பு கூடியிருக்கிறது.”

இப்படிக்கு,
திட்ட மதிப்பீட்டுப் பணியில் உள்ள வாசகர்