தத்துவம் என்றாலே கண்ணதாசனா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

‘கண் போன போக்கிலே கால் போகலாமா’ பாட்டை எழுதியது யார் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். “டி.எம்.எஸ். குரல், வாழ்க்கைத் தத்துவம், வேறு யார்? கண்ணதாசன்தான்” என்று பதில் போட்டிருக்கிறீர்கள். ‘பணம் படைத்தவன்’ (1965) படத்துக்காக வாலி எழுதிய பாட்டு அது. உங்களுக்குத் தெரியாததா?

டி.எம்.எஸ். பட்டுக்கோட்டையாருக்கும் பாடினார், மருதகாசிக்கும் பாடினார். குரல் எப்படி ஆளைக் காட்டும்? சரி, சொல்லைப் பார்த்தோம் என்பீர்கள். கால், மனம், மனிதன் என்று முந்தைய வரியின் சொல்லை எடுத்து அடுத்த வரியைத் தொடங்கும் அந்தாதிப் போக்கு அது. ‘மூன்று முடிச்சு’ (1976) படத்தில் கண்ணதாசனும் அந்தாதியில் எழுதியிருக்கிறார். இருவரும் கையாண்ட உத்தியை வைத்து ஒருவர் பெயரை எப்படி எழுதுவது? சிலப்பதிகார வாடை அடித்தால் கண்ணதாசன் என்பதும் இதே கதைதான். ‘இரு மலர்கள்’ (1967) படத்தின் ‘மாதவிப் பொன் மயிலாள்’ வாலியுடையது. அதையும் நீங்கள் கண்ணதாசன் கணக்கில் சேர்த்தபோது விவரமாகக் கடிதம் போட்டேன். அது உங்கள் மேஜை வரை வந்ததா என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

சொல் துப்புக் கொடுக்காது என்று நான் சொல்லவில்லை. எது துப்பு என்று தெரிய வேண்டும். ‘அன்பே வா’ (1966) படத்தின் ‘புதிய வானம் புதிய பூமி’ பாட்டில் வாலி முதலில் எழுதியது ‘உதய சூரியன்’. அது தி.மு.க. சின்னம், எம்.ஜி.ஆரும் அப்போது அந்தக் கட்சியில்தான் இருந்தார். கண்ணதாசனோ 1961-லேயே கட்சியை விட்டு வெளியேறிவிட்டார். அவர் பேனாவிலிருந்து 1966-ல் எம்.ஜி.ஆருக்காக அந்தச் சொல் வந்திருக்கும் என்று நம்புவது கடினம். அழகான உவமை யாருக்கும் வரும். இப்படி ஆண்டும் அரசியலும் ஒட்டிக்கொண்ட சொல்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் தணிக்கையில் அது ‘புதிய சூரியன்’ ஆகிவிட்டது. படத்தை மட்டும் பார்த்தவருக்குத் துப்பே கிடைக்காது. எங்கள் வீட்டு இசைத்தட்டில் ‘உதய’ என்றே ஒலிக்கும். அதைப் போட்டுக் காட்டித்தான் என் சம்பந்தியின் வாயை அடைத்தேன். அவரும் உங்கள் வாசகர்தான், அச்சில் வந்தால் வேதம் என்பார்.

துப்பு கிடைத்தாலும் அது ஊகம்தான். பாட்டுப் புத்தகத்தையோ இசைத்தட்டின் லேபிளையோ பார்த்து உறுதி செய்யாமல் பெயர் போடலாமா? படத்தின் டைட்டில்கூட எப்போதும் போதாது. ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) டைட்டிலில் கண்ணதாசன், வாலி இருவர் பெயரும் வரும், எந்தப் பாட்டு யாருடையது என்று வராது. கல்யாணக் கச்சேரியில் மைக் பிடிப்பவர் தப்பாகச் சொன்னால் காற்றோடு போகும். நீங்கள் அச்சடிக்கிறீர்கள்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். இனி பாட்டுக் கேள்விகளுக்குப் பதில் தரும்போது படத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள், மற்றதை நாங்களே சரிபார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்