ஜாமீன் கையெழுத்து குறித்து

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் அதனுடன் வந்த ஜாமீன் படிவமும் கிடைத்தன. கடையை விரிவுபடுத்தும் திட்டத்தைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் அந்தக் கடனுக்கு என்னால் ஜாமீன் கையெழுத்துப் போட இயலாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசி உங்களைக் காத்திருக்க வைப்பது முறையல்ல.

"வெறும் கையெழுத்துதான், பணம் கட்டப்போவது நான்தானே" என்று எழுதியிருந்தீர்கள். படிவமோ வேறு விதமாகப் பேசுகிறது. தவணை தவறினால், உங்களிடம் வசூலிக்க முயன்று பார்த்த பிறகுதான் என்னிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை என்றும், அசலோடு வட்டி, அபராத வட்டி, வழக்குச் செலவு எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு என்றும் அதில் தெளிவாக இருக்கிறது. கடன் முழுவதும் அடையும்வரை, வங்கியின் சம்மதமில்லாமல் நான் விலகவும் முடியாது.

நீங்கள் குறிப்பிட்ட 10 லட்சத்தை 12 சதவீத வட்டியில் 5 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டுப் பார்த்தேன். மாதத் தவணை ஏறக்குறைய 22,250 வருகிறது. 2 ஆண்டுகள் ஒரு மாதம்கூடத் தவறாமல் நீங்கள் கட்டினாலும், தொடக்கத் தவணைகளில் வட்டியே கணிசமான பங்கைத் தின்றுவிடுவதால், அப்போதும் 6 லட்சத்து 70 ஆயிரம் அளவுக்கு அசல் நிற்கும். அந்த நேரத்தில் வியாபாரம் மந்தமானால் (உங்கள் நேர்மைக்கும் சந்தைக்கும் சம்பந்தமில்லை அல்லவா?) அந்தத் தொகையை ஒரே நேரத்தில் கட்டும்படி எனக்கு நோட்டீஸ் வரலாம். என் சேமிப்பு அதைத் தாங்காது. இன்னொன்று, மகளின் படிப்புக்காக அடுத்த ஆண்டு நானே கடன் கேட்க வேண்டியிருக்கிறது. உங்களுக்குக் கொடுத்த ஜாமீனையும் என் பொறுப்பாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, எனக்குத் தரக்கூடிய தொகையை வங்கி குறைத்துவிட வாய்ப்புண்டு.

உங்கள் மேல் எனக்கு நம்பிக்கைக் குறைவு என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். நாளை தவணை தவறி, வங்கியிலிருந்து எனக்குத் தொலைபேசி வரும்போது, உங்களிடம் நண்பனாகப் பேசுவதா கடனை வசூலிப்பவனாகப் பேசுவதா என்ற நிலை எனக்கு வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.

உங்களிடம் வைப்புநிதி இருப்பதாக முன்பு சொன்ன நினைவு. அதை ஈடாக வைத்துக் கடன் கேட்டால் பெரும்பாலும் ஜாமீன் தேவைப்படாது, வட்டியும் குறையக்கூடும். விரிவாக்கத்தை இரண்டு கட்டமாகப் பிரித்து, இப்போது பாதித் தொகை மட்டும் கேட்டால் என்ன நிபந்தனை என்பதையும் மேலாளரிடம் விசாரியுங்கள். வரவு செலவுத் திட்டம் எழுதித் தரவேண்டுமானால் உங்களோடு உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

படிவத்தைக் கையெழுத்திடாமல் இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வங்கி கொடுத்த கெடுவுக்குள் வேறு ஏற்பாடு செய்ய உங்களுக்கு அவகாசம் வேண்டும் என்பதால்தான் நாள் கடத்தாமல் எழுதினேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்