எங்கள் அமைப்புக் கோப்பைத் திருப்பிக் கொடுங்கள்: ஒரு விண்வெளி விளையாட்டின் தயாரிப்பாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். அண்மைப் புதுப்பிப்புக்குப் பிறகு, உங்கள் விளையாட்டு ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் பயனரின் அமைப்புக் கோப்பை அழித்துப் புதிதாக எழுதுகிறது. நாங்கள் அதில் மாற்றி வைத்திருந்த, நிழல்கள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்யும் காமா மதிப்பும் இடைமுக நிறமும் அத்துடன் போய்விடுகின்றன. அந்தக் கோப்பை எங்கள் கையிலேயே விட்டுவிடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

இதனால் என்ன கெடுகிறது என்பதற்கு, கோளின் இரவுப் பக்கத்தில் தரையிறங்கும் பணி ஒன்றே போதும். தரையும் வானும் ஒரே கறுப்பாகத் தெரிகின்றன. மலைமுகடு எங்கே முடிகிறது என்பது மோதிய பிறகுதான் புரிகிறது. உயரத்தைக் காட்டும் எண்களோ மங்கிய ஆரஞ்சு நிறத்தில், பழுப்புப் பாறையின் மேலேயே விழுகின்றன. திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளலாமே என்று உங்கள் உதவிப் பிரிவு பதில் எழுதியது. திரையின் பொத்தான் பின்னொளியைக் கூட்டும்போது இருளும் ஒளியும் ஒரே விகிதத்தில் உயர்கின்றன. எனவே நிழலுக்குள் இருக்கும் வேறுபாடு தெளிவதில்லை, சூரியன் மட்டும் கண்ணைக் கூசவைக்கிறது.

காமா செய்யும் வேலை வேறு. முழுக் கறுப்பை 0 என்றும் முழு வெள்ளையை 1 என்றும் கொண்டால், காமாவை 1.4 ஆக உயர்த்தும்போது 0.05 என்ற இருண்ட புள்ளி ஏறக்குறைய 0.12 ஆகிறது, நடுத்தரமான 0.5 ஏறக்குறைய 0.61 வரைதான் போகிறது. 0, 1 இரண்டும் அசைவதில்லை. விகிதத்தில் பார்த்தால், இருளில் புதைந்த பாறைதான் அதிகமாக மேலே வருகிறது. இதற்கும் எல்லை உண்டு என்பதை அறிவோம். ஏற்கெனவே 0 ஆக நசுங்கிப்போன நிழலிலிருந்து எதையும் மீட்க முடியாது. மதிப்பை மிகவும் உயர்த்தினால் காட்சி சாம்பல் பூத்து, வானத்தில் பட்டை பட்டையாக நிறப்படிகள் தெரியும். அப்படித் தெரியும் இடத்திலிருந்து சற்றே குறைத்து நிறுத்திக்கொள்ள எங்களுக்குத் தெரியும்.

இடைமுக நிறத்துக்கு நல்ல முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. 2014இல் வெளிவந்த எலைட் டேஞ்சரஸ் விளையாட்டில், `GraphicsConfigurationOverride.xml` என்ற தனிக் கோப்பு பயனரின் கோப்புறையில் இருக்கிறது. அதில் `GUIColour` பகுதியைச் சேர்த்து, அதன் `Default` பிரிவுக்குள் இந்த மூன்று வரிகளை எழுதினால் போதும்:

```
<MatrixRed> 1, 0.3, 0.3 </MatrixRed>
<MatrixGreen> 0, 1, 0 </MatrixGreen>
<MatrixBlue> 0, 0, 1 </MatrixBlue>
```

மூல நிறத்திலுள்ள சிவப்பு, திரையின் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்கு எவ்வளவு பங்களிக்க வேண்டும் என்பதை முதல் வரி சொல்கிறது. இங்கே சிவப்பு அப்படியே இருக்க, பச்சையிலும் நீலத்திலும் 0.3 சேர்கிறது. அதனால் 1, 0.44, 0 என்ற ஆரஞ்சு 1, 0.74, 0.3 ஆக வெளிறி, இருண்ட பின்னணியில் எழுத்து தெளிவாகிறது. பகைவரைக் குறிக்கும் தூய சிவப்பு 1, 0.3, 0.3 ஆக மாறினாலும் சிவப்பாகவே தெரிகிறது. அழகுக்காகச் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றினால் பகைவர் நீலமாகவும் கேடயம் சிவப்பாகவும் தோன்றிக் குழப்பும்; எண்களைச் சிறிதாக வைத்துக்கொள்வதே நல்லது. இவ்வளவையும் ஒரு சிறு கோப்பு தாங்குகிறது என்றால், உங்கள் விளையாட்டில் அதைப் பூட்ட வேண்டிய தேவை என்ன?

இணையப் போட்டிகளில் சிலருக்குக் கூடுதல் வசதி கிடைத்துவிடும் என்பது நீங்கள் சொன்ன காரணம். விலை உயர்ந்த திரைகளில் நிழலை மட்டும் ஒளிரச் செய்யும் அமைப்பு திரைக்குள்ளேயே இருக்கிறது. அதை உங்களால் தடுக்கவும் முடியாது, கண்டறியவும் முடியாது. ஆகவே இந்தப் பூட்டு சாதாரணத் திரை வைத்திருப்பவரையும் பார்வை குறைந்தவரையும் மட்டுமே தண்டிக்கிறது. தனியாக விளையாடும் பகுதிக்கும் அதே பூட்டைப் போட்டிருப்பதற்கு இந்தக் காரணமும் பொருந்தவில்லை. இருட்டிய அறையில், அளவு திருத்திய திரையின் முன் அமர்ந்து காட்சியை முடிவு செய்பவர்கள், பகல் வெளிச்சம் விழும் அறையில் விளையாடுபவரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். முதல் தொடக்கத்தில் மட்டும் ஒரு சின்னத்தைக் காட்டி, அது மங்கலாகத் தெரிகிறதா என்று கேட்டுவிட்டு, பிறகு அந்த அமைப்புப் பக்கத்துக்குத் திரும்பவே வழி வைக்காதது முறையல்ல.

எனவே பணிவுடன் மீண்டும் கேட்கிறோம். அடுத்த புதுப்பிப்பில், நாங்கள் எழுதிய மதிப்புகளை விளையாட்டு படிக்கட்டும். அவற்றின் மேல் எழுத வேண்டாம். போட்டிப் பகுதிக்கு ஒரு மேல்வரம்பு வேண்டுமென்றால், அதை வெளிப்படையாக அறிவியுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். காமாவையும் இடைமுக நிறத்தையும் அமைப்புப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டால் இந்தக் கோப்பைத் தொட வேண்டிய தேவையே எங்களுக்கு இராது; அதுவரையில், தயவுசெய்து, கோப்பைத் திறந்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விளையாட்டை விடாமல் ஆடிவரும் ஒருவர்