டிசம்பர் 31 மட்டும் போதாது: காப்புறுதித் தரகர்களின் கணக்கைத் தணிக்கை செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தணிக்கையாளர்களுக்கு,

சிங்கப்பூரில் இரண்டு காப்புறுதித் தரகு நிறுவனங்களில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வருடா வருடம் உங்களுக்கு ஃபைல் எடுத்துக் கொடுத்த ஆள். நீங்கள் கேட்டதையெல்லாம் கொடுத்தேன். நீங்கள் கேட்காமல் விட்டதைப் பற்றித்தான் இந்த மடல்.

வாடிக்கையாளர் கொடுக்கும் பிரீமியம் தரகருடைய பணம் இல்லை. 1966ஆம் ஆண்டின் காப்புறுதிச் சட்டப்படி அதை வங்கியில் தனிப் பிரீமியக் கணக்கில் போட வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்குக் கட்டுவது, வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுப்பது, தனக்குச் சேரவேண்டிய கமிஷனை எடுப்பது என்று குறிப்பிட்ட சில காரணங்களுக்குத்தான் அதிலிருந்து பணம் வெளியே போகலாம். இது உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் வந்ததும் முதலில் கேட்பது டிசம்பர் 31ஆம் தேதி வங்கி ஸ்டேட்மெண்ட்டும் ஒத்திசைவுத் தாளும். இரண்டும் பொருந்தினால் டிக் போட்டுவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விடுகிறீர்கள்.

வங்கியில் இருப்பதும் புத்தகத்தில் இருப்பதும் ஒன்றுதான் என்பதைத்தான் அந்தத் தாள் சொல்கிறது. இருக்க வேண்டியது அங்கே இருக்கிறதா என்பதை அது சொல்லாது. அதற்குத் தனியாக ஒரு கணக்குப் போட வேண்டும்.

ஒரு வருடம் உங்களில் ஒரு தங்கை அந்தக் கணக்கைப் போட்டார். டிசம்பரை ஒதுக்கிவிட்டு அக்டோபர் 31ஆம் தேதிக் கணக்கைக் கேட்டார். எங்கள் முதலாளிக்கு முகம் மாறியது. அந்தத் தேதிக்குள் வாடிக்கையாளர்களிடமிருந்து வந்து, இன்னும் காப்புறுதி நிறுவனங்களுக்குக் கட்டாத பிரீமியம் 286,400 வெள்ளி. அதில் எங்கள் கமிஷன் 41,000. ஆக நிறுவனங்களுக்குக் கட்ட வேண்டியது 245,400. அதோடு, இழப்பீடாகவும் பிரீமியம் திருப்பமாகவும் வாடிக்கையாளர்களுக்குப் போய்ச் சேரவேண்டிய 21,600. மொத்தம் 267,000 வெள்ளி கணக்கில் இருந்திருக்க வேண்டும். இருந்தது 214,500. துண்டு விழுந்தது 52,500.

எங்கே போனது? பெரும்பகுதி போன வழி ரொம்பச் சாதாரணமானது. ஒரு தொழிற்சாலைக்கு 280,000 வெள்ளி பிரீமியம், நான்கு தவணை. பிரீமியத்தைக் கேட்டு டெபிட் நோட் அனுப்பிய அன்றே 15 விழுக்காடு கமிஷன் முழுவதையும், அதாவது 42,000 வெள்ளியை, அலுவலகக் கணக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். ஆனால் வந்திருந்தது முதல் தவணை 70,000தான். அதற்குரிய கமிஷன் 10,500. மிச்சம் 31,500 வெள்ளி மற்ற வாடிக்கையாளர்களின் பணம். ‘நம்ம கமிஷன்தானே, கொஞ்சம் முன்னாடி எடுக்கிறோம்’ என்பார் முதலாளி. திருடும் எண்ணம் அவருக்கு இல்லை என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் பழக்கம் வந்துவிட்டால் அடுத்த படி சுலபம். மீதி 21,000 அலுவலக வாடகைக்கும் சம்பளத்துக்கும் போயிருந்தது.

அப்புறம் அந்தத் தங்கை ஜனவரி மாத ஸ்டேட்மெண்ட்டைக் கேட்டார். டிசம்பர் 30 அன்று அலுவலகக் கணக்கிலிருந்து 55,000 வெள்ளி பிரீமியக் கணக்குக்குள் வந்திருந்தது. ஜனவரி 5 அன்று அதே 55,000 திரும்பிப் போயிருந்தது. டெபிட் நோட் எண் எதுவும் இல்லாத, சில்லறை இல்லாமல் ரவுண்டான தொகையில் ஒரு மாற்றம். முந்தைய வருடங்களிலும் அப்படித்தான் நடந்தது. ஜனவரி ஸ்டேட்மெண்ட்டை அதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் எடுத்துக் கொடுத்ததில்லை. அந்தப் பழி எனக்கும் உண்டு.

இன்னொன்று, இதைவிட நுணுக்கமானது. பிரீமியம் எத்தனை நாளில் கட்டப்படுகிறது என்று பார்க்க நீங்கள் எங்கள் சிஸ்டத்திலிருந்து ஓர் அறிக்கை எடுப்பீர்கள். அதில் எல்லாம் முப்பது நாளுக்குள் போனதாகவே இருக்கும். அந்த நாள்கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்களா?

தேக்கா பக்கம் உணவகம் நடத்தும் ஓர் அக்கா. கடைக்குத் தீக்காப்புறுதி ஏப்ரல் 1 தொடக்கம். பிரீமியம் 2,400, ஜிஎஸ்டி 216, மொத்தம் 2,616 வெள்ளி. ஏப்ரல் 14 அன்று பேநவ்வில் அனுப்பிவிட்டார். டெபிட் நோட் எண்ணைக் குறிப்பில் போட மறந்துவிட்டார், அவ்வளவுதான். பணம் வந்து, யாருடையது என்று தெரியாத வரவுகளைப் போட்டுவைக்கும் சஸ்பென்ஸில் உட்கார்ந்தது. ஜூன் 22 அன்றுதான் யாரோ அதை அவர் பெயரில் சேர்த்தார்கள். ஜூலை 22 அன்று காப்புறுதி நிறுவனத்துக்குப் போனது. சிஸ்டம் ஜூன் 22இலிருந்து எண்ணி ‘30 நாள்’ என்று சொன்னது. வங்கியில் பணம் வந்த நாளிலிருந்து எண்ணினால் 99 நாள்.

இடையில் ‘பிரீமியம் வரவில்லை’ என்று அக்காவுக்குக் கடிதம். இங்கே வணிகக் காப்புறுதிகளில் அறுபது நாள் பிரீமியச் செலுத்து நிபந்தனை வழக்கம். தொடங்கிய நாளிலிருந்து அறுபது நாளுக்குள் பிரீமியம் முழுதாகச் சேராவிட்டால் பாதுகாப்பு அத்தோடு முடிந்துவிடும். அக்காவின் ஒப்பந்தத்தில் ‘நிறுவனத்திடமோ, ஏற்பாடு செய்த இடைத்தரகரிடமோ சேர்ந்தால்’ என்று இருந்ததால் தப்பினார். அந்த ஒரு சொற்றொடர் இல்லாத ஒப்பந்தமாக இருந்து, ஜூன் மாதம் அடுப்படியில் தீப்பிடித்திருந்தால்? யார் சரி யார் தப்பு என்று வாதாடும் வரை அவர் வாடகை கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த 2,616 வெள்ளி உங்கள் முக்கியத்துவ வரம்பை எட்டவே எட்டாது. நிதி அறிக்கைக்கு நீங்கள் வைக்கும் அந்த அளவுகோலையே வாடிக்கையாளர் பணத்துக்கும் வைத்தால், சின்னக் கடைக்காரர்கள் யாரும் நீங்கள் சோதனைக்கு எடுக்கும் மாதிரிக்குள் வர மாட்டார்கள்.

ஆகவே நான் கேட்பது கொஞ்சம்தான். நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஏதாவது ஒரு மாத முடிவுக்கு, முன்கூட்டிச் சொல்லாமல், இருக்க வேண்டிய தொகையைக் கணக்கிடுங்கள். சோதனைக்கு எடுக்கும் மாதிரியை வங்கி ஸ்டேட்மெண்ட்டின் வரவு வரிகளிலிருந்து எடுங்கள். காப்புறுதி நிறுவனங்களுக்குக் கட்டிய பட்டியலிலிருந்து எடுத்தால், கட்டாமலே கிடப்பது உங்கள் கண்ணில் படாது. காப்புறுதி நிறுவனங்களின் நிலுவைப் பட்டியலைத் தரகர் வழியாக வாங்காமல், நேராக அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். தரகரின் புத்தகத்தில் ‘பணம் வந்துவிட்டது’ என்று இருக்கும் ஒன்று அங்கே தொண்ணூறு நாளாக நிலுவையில் நின்றால், வேறு ஆதாரம் எதற்கு?

இதிலும் ஓட்டை இருக்கும். எல்லாருடைய பணமும் ஒரே கணக்கில் கலந்து கிடப்பதால், எந்த வெள்ளி யாருடையது என்று வங்கியைப் பார்த்துச் சொல்ல முடியாது. மொத்தம் சரியாக இருக்கும்போதே ஒருவர் பணத்தில் இன்னொருவர் பிரீமியம் போயிருக்கலாம். அதனால் வாடிக்கையாளர் வாரியாகப் பார்க்கும்போது, நிகரத் தொகையை ஏற்காதீர்கள். கடன்பட்டவரையும் வரவு வைத்தவரையும் தனித்தனிப் பத்தியில் கேளுங்கள். எங்கள் ஆட்கள் முணுமுணுப்பார்கள், நானும் முணுமுணுத்திருக்கிறேன்.

அப்புறம் அந்த சஸ்பென்ஸ் பட்டியல். கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், பெயர் இல்லாத பேநவ் வரவுகளாக இருக்கும். அதை முதலில் திறங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு கணக்கர், சிராங்கூன்