அனுபவச் சான்றிதழ் சரிபார்ப்பு: ஆள்சேர்ப்புக் குழுவினருக்கு

வணக்கம். லெட்டர்ஹெட்டையும் சீலையும் மட்டும் நம்ப வேண்டாம். அதிலுள்ள எண்ணுக்குப் போன் செய்தால், போலிச் சான்றிதழை விற்றவரே 'ஹெச்ஆர்' ஆகப் பேசக்கூடும்.

பிஎஃப் பாஸ்புக்கை விண்ணப்பதாரரே லாகின் செய்து காட்டட்டும், பாஸ்வேர்டு கேட்காதீர்கள். உதாரணமாக, சான்றிதழில் 2021 முதல் 2024 வரை வேலை. பாஸ்புக்கிலும் மூன்று வருடச் சந்தா இருக்கிறது. ஆனால் அத்தனை மாதமும் 2024-இல் ஒரே வாரத்தில் கட்டப்பட்டிருந்தால் சந்தேகம் நியாயமே. சம்பள மாதத்தை மட்டுமல்ல, பணம் கட்டிய தேதியையும் பாருங்கள்.

அதற்காக உடனே நிராகரிக்க வேண்டாம். நிறுவனமே பாக்கி வைத்துத் தாமதமாகக் கட்டியிருக்கலாம். 20 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்குப் பொதுவாக பிஎஃப் கட்டாயமே இல்லை. அப்போது சம்பளம் ஏறிய வங்கி ஸ்டேட்மென்ட்டைக் கேளுங்கள். விளக்கம் கேட்டு இரண்டு நாள் அவகாசமும் கொடுங்கள்.

நேர்காணலுக்கு வேறொருவர் வரும் ஆள்மாறாட்டத்தைத் தடுக்க: ஒப்புதல் பெற்று வீடியோ நேர்காணலில் படம் எடுத்து வையுங்கள். சேரும் நாளில் முகத்தை ஒப்பிட்டு, நேர்காணலில் எழுதிய அதே புரோகிராமைப் பத்து நிமிடம் விளக்கச் சொல்லுங்கள். பதற்றத்தில் திக்குவது வேறு, தான் எழுதியதே தெரியாமல் விழிப்பது வேறு. இந்தச் சோதனை எல்லோருக்கும் உண்டு, சந்தேகப்பட்டவருக்கு மட்டுமல்ல.