கைப்பிடியை எட்டும் முன்னே

ஆசிரியருக்கு வணக்கம்.

முதியோர் வீட்டில் விழுவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்தச் சொன்னது சரிதான். ஆனால் இடுப்பு எலும்பு முறிந்து என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறவர்களில் பலர் அந்தக் கைப்பிடியை எட்டும் முன்னே, நள்ளிரவில் படுக்கையிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்தவர்கள். அந்தப் பத்தடித் தூரத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

அண்மையில் வந்த 74 வயது அம்மாள் ஒருவரின் மகள், "தரை காய்ந்துதான் கிடந்தது, எப்படி விழுந்தார் என்றே புரியவில்லை" என்றார். விசாரித்ததில் புரிந்தது. விளக்கு ஸ்விட்ச் கதவருகே, கட்டில் எதிர்மூலையில். வெளிச்சம் வேண்டுமானால் இருட்டில் நடந்துபோய்த்தான் போட வேண்டும். வயதான கண்ணுக்குள் இளம் வயதில் போன அளவுக்கு ஒளி போவதில்லை. இருட்டுக்குப் பழகவும் நேரம் பிடிக்கும். திடீரென்று பளீரென எரியும் விளக்கும் கண்ணைக் கூசச் செய்யும். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை தரையோரமாக, ஆள் அசைந்தால் தானே எரியும் சிறு விளக்குகளே இதற்குப் பொருத்தம்.

அடுத்தது செருப்பு. அவர் போட்டிருந்தது குதிகால் பிடிப்பில்லாத, தேய்ந்த ரப்பர் செருப்பு. அது கழன்றுவிடாமல் இருக்க விரல்களால் கவ்விக்கொண்டு, காலைத் தூக்காமல் இழுத்து நடக்க வேண்டியிருக்கும். மெத்தென்ற தடித்த அடிப்பகுதி சுகமாக இருந்தாலும், தரையைப் பாதம் உணர்வதை மங்கச் செய்யும். பின்பக்கம் மூடியோ வாருடனோ இருக்கும், அடிப்பகுதி மெல்லியதாகவும் உறுதியாகவும் உள்ள, வழுக்காத காலணியே நல்லது. வெறும் காலுறையோடு வழவழப்பான தரையில் நடப்பது இதைவிட ஆபத்து.

குடும்பத்தார் கவனிக்காமல் விட்டது ரத்த அழுத்தம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து அளந்தபோது மேல் அளவு 148. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 116. நின்ற மூன்று நிமிடத்துக்குள் 20 புள்ளி குறைந்தாலே கவனிக்க வேண்டும். சிறுநீரை வெளியேற்றும் மாத்திரையை அவர் இரவில் சாப்பிட்டு வந்தார். எழவைத்ததும் அதுதான்; எழுந்ததும் தலை சுற்றவைத்ததிலும் அதற்குப் பங்கு உண்டு. அளந்த கணக்கை மருத்துவரிடம் காட்டினார்கள். அவர் மாத்திரையைக் காலை வேளைக்கு மாற்றினார். இதை வீட்டார் தாமாக நிறுத்தவோ மாற்றவோ கூடாது. எழுந்ததும் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை மேலும் கீழும் அசைத்து, பிறகு எதையாவது பிடித்து நின்று, தலை தெளிந்தபின் நடக்கலாம்.

தசை வலுவை அறிய ஒரு நாற்காலி போதும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அருகில் ஒருவர் நிற்கட்டும். 70 முதல் 74 வயது வரையுள்ள பெண்கள் பத்துக்குக் குறைந்தால் கால் வலு போதவில்லை என்று பொருள். இவர் நான்கோடு நின்றுவிட்டார். "தினமும் நடக்கிறாரே" என்றார் மகள். நடை நல்லதுதான், ஆனால் விழாமல் காக்கத் தனியே அது போதாது என்பேன். உயரமான இருக்கையில் தொடங்கி, எழுவதைவிட மெதுவாக உட்காருவதில் கவனம் வைத்துப் பத்துப் பத்து முறையாக, வாரம் மூன்று நாள் செய்ய வேண்டும். சுலபமானதும் இருக்கையின் உயரத்தைக் குறைக்கலாம். மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவதையும், ஒரு பாதத்துக்கு முன் மறு பாதத்தை வைத்து நிற்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. சில ஆண்டுகளுக்கு முன்பே இவர் நின்ற நிலையில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவர். மாவுக்கட்டுப் போட்டு அனுப்பியவர்கள் எலும்பு அடர்த்தியைச் சோதிக்கச் சொல்லவில்லை. சிறு விழுகையில் முறியும் மணிக்கட்டு, எலும்பு மெலிந்திருக்கலாம் என்பதற்கான அறிகுறி. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், அதை இளம் வயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை. அதற்குக் கால்சியம் மாத்திரை மட்டும் சிகிச்சை ஆகாது. ஆண்டுக்கு ஒரு முறை மிகப் பெரிய அளவில் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், விழுவதும் எலும்பு முறிவும் அதிகரிக்கவே செய்தன. வாரம் ஒரு முறை சாப்பிடும் எலும்புப்புரை மாத்திரை எழுதித் தந்தால், காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். விழுங்கிவிட்டு மறுபடி படுப்பவர்களுக்கு உணவுக்குழாய் புண்ணாகிறது. நெஞ்செரிச்சல் என்று சொல்லி மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்ட் வாசகர் ஒருவர்