செயலாளரின் ஆண்டறிக்கை: தலையசைப்பு எப்போது ‘ஆம்’ ஆகிறது?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, காது கேளாத நண்பர்களே, சைகை மொழிபெயர்ப்பாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான அலுவல்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு குறித்தபடி கூடியது. கூட்டக் குறிப்புகள் அனைத்தும் கோப்பில் உள்ளன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சைகை மொழி வகுப்பு இடைவிடாமல் நடந்தது. ஆனால் இந்த ஆண்டு நம் நேரத்தைப் பெருமளவு எடுத்துக்கொண்டது வேறொன்று. நம் உறுப்பினர் ஒருவரின் வழக்குதான் அது. அவருடைய ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதபடி, அதை விரிவாக இங்கே பதிவு செய்கிறேன்.

ஒரு கிடங்கில் பொருள் காணாமல் போனது தொடர்பாக அவரை விசாரித்தார்கள். விசாரணைக்கு மொழிபெயர்க்க வந்தவர் சில வாரச் சைகை மொழி வகுப்பு முடித்து, அதற்கான சான்றிதழ் வைத்திருந்த ஓர் இளம்பெண். நல்லெண்ணத்தோடுதான் வந்தார். வாக்குமூலத்தில் எட்டுக் கேள்விகள் இருந்தன. எட்டுக்கும் பதில் ‘ஆம்’ என்றே பதிவாகியிருந்தது. அந்தத் தாளை நம் உறுப்பினருக்கு அவர் மொழியில் விளக்கியபோது முகம் வெளிறிப் போனார். “நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லையே, அந்தப் பெண் சொன்னதைக் கவனித்துக்கொண்டுதானே இருந்தேன்” என்றார்.

நடந்தது இதுதான். காது கேளாதவர் ஒருவர் எதிரே இருப்பவரின் சைகையைப் பார்க்கும்போது சிறிது சிறிதாகத் தலையசைத்துக்கொண்டே இருப்பார். ‘உம்’ கொட்டிக் கதை கேட்பது போன்றது அது. ‘தொடர்ந்து சொல்லுங்கள், புரிகிறது’ என்பதே அதன் பொருள். பதிலாக வரும் ‘ஆம்’ வேறு. அது கேள்வி முடிந்த பிறகு வரும், பெரும்பாலும் ஒரு சைகையோடு சேர்ந்து வரும். இரண்டையும் பிரித்தறியத் தெரியாதவர் எல்லாத் தலையசைப்பையும் சம்மதமாகவே எழுதிக்கொடுப்பார்.

இதைவிட ஆழமான பிழை ஒன்றும் இருந்தது. பெரும்பாலான சைகை மொழிகளில் ‘ஆம், இல்லை’ எனப் பதில் வேண்டும் கேள்வியைக் கைகள் மட்டும் கேட்பதில்லை. புருவம் உயரும், தலை சற்று முன்னே சாயும், கடைசிச் சைகை ஒரு கணம் அப்படியே நிற்கும். ‘யார், எங்கே, ஏன்’ என்ற கேள்விகளுக்குப் பல சைகை மொழிகளில் புருவம் சுருங்கும். புதிதாகக் கற்பவர்கள் கைகளையே கவனிப்பதால் முகத்தை அசையாமல் வைத்துக்கொள்கிறார்கள். அப்போது ‘பூட்டைத் தொட்டீர்களா?’ என்ற கேள்வி ‘பூட்டைத் தொட்டீர்கள்’ என்ற கூற்றாகிவிடுகிறது. நம் உறுப்பினர் கண்டது எட்டுக் கூற்றுகளை. ‘அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள், புரிகிறது’ என்று எட்டு முறையும் தலையசைத்தார். தாளில் அது எட்டு ஒப்புதலானது.

அந்த வாக்குமூலம் கேள்விக்குள்ளானபோது நீதிபதி செய்தது ஒவ்வொரு நீதிமன்றமும் செய்ய வேண்டியது. மொழிபெயர்ப்பாளரை முன்னே அழைத்து, உறுதிமொழி பெற்று, தாமே விசாரித்தார். உங்கள் சான்றிதழை வழங்கியது யார்? அது வகுப்புக்கு வந்ததற்கான சான்றா, தேர்வில் தேறியதற்கான சான்றா? பேச்சிலிருந்து சைகைக்கும், சைகையிலிருந்து பேச்சுக்கும் என இரு திசைகளிலும் சோதித்தார்களா? இதற்கு முன் சட்ட விசாரணையில் பணியாற்றியிருக்கிறீர்களா? இவரை ஏற்கெனவே தெரியுமா? விசாரணைக்கு முன் இவரோடு உரையாடி, ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முடிகிறதா என்று பார்த்தீர்களா? அந்தப் பெண் ஒளிவின்றிப் பதில் சொன்னார். வகுப்புக்கு வந்ததற்கான சான்றுதான் என்றார், உரையாடிப் பார்க்கவில்லை என்றார். அவருடைய நேர்மையை இந்தச் சபையில் பதிவு செய்ய விரும்புகிறேன். தவறு அவரை அந்த இடத்தில் நிறுத்திய ஏற்பாட்டினுடையது.

மொழி தெரியாத ஒருவரால் மொழிபெயர்ப்பின் தரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2013 டிசம்பரில் நெல்சன் மண்டேலாவின் நினைவுக் கூட்டத்தில் உலகத் தலைவர்களின் அருகில் நின்று ஒருவர் பொருளற்ற சைகைகளைக் காட்டினார். கேட்கும் திறன் உள்ளோர் அவரை மொழிபெயர்ப்பாளர் என்றே நம்பினார்கள். காது கேளாதோர் உடனே கண்டுகொண்டார்கள். நீதிமன்றத்தில் நீதிபதி, வழக்கறிஞர்கள், எழுத்தர் என அனைவரும் அந்த மேடையில் இருந்தவர்களின் நிலையில்தான் இருக்கிறார்கள். உண்மை தெரிந்த ஒரே ஆள் கூண்டில் நிற்பவர். அவர் சொல்வதும் அதே மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அதனால்தான் வெளியார் ஒருவர் முன்கூட்டியே சோதித்து வழங்கும் அங்கீகாரம் தேவைப்படுகிறது.

அங்கீகாரம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. பிரிட்டனின் சைகை மொழிபெயர்ப்பாளர் பதிவேட்டில் பயிற்சி நிலையில் இருப்பவரும் முழுப் பதிவு பெற்றவரும் தனித்தனி வகையினர். ஆஸ்திரேலியாவில் சான்றிதழை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தொடர்ந்து பணியாற்றியதையும் கற்றதையும் காட்ட வேண்டும். சட்டத்துறை மொழிபெயர்ப்புக்கென்றே 2019இல் ஐ.எஸ்.ஓ. 20228 என்ற சர்வதேசத் தரநிலை வந்தது. இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது இதுதான்: அங்கீகார அட்டையைக் கேட்டால் போதாது, அது எந்த நிலைக்குரியது, இன்னும் செல்லுபடியாகிறதா என்றும் பார்க்க வேண்டும். முழு அங்கீகாரம் பெற்றவரும்கூட நீதிமன்ற வேலைக்குப் பழகாதவராக இருக்கலாம். மருத்துவமனையில் சிறப்பாகப் பணியாற்றும் ஒருவர் குறுக்கு விசாரணையில் தடுமாறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

இனி இரண்டாவது விசாரணை. இம்முறை அங்கீகாரம் பெற்ற இருவர் வந்தார்கள். சுமார் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டார்கள். சும்மா இருந்தவர் ஓய்வெடுக்கவில்லை, மற்றவரின் மொழிபெயர்ப்பைக் கவனித்துப் பிழை கண்டால் திருத்தினார். அவர்களோடு காது கேளாத மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் அமர்ந்தார். நம் உறுப்பினர் பள்ளிக்குத் தாமதமாகச் சென்றவர், வீட்டில் உருவான சைகைகள் அவர் பேச்சில் நிறையக் கலந்திருக்கும். அவற்றைக் காது கேட்பவர் எவ்வளவு கற்றாலும் முழுதாகப் பிடிப்பது அரிது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் காது கேளாத மொழிபெயர்ப்பாளர்களுக்கென்றே தனிச் சான்றிதழ் இருப்பதற்குக் காரணமும் இதுவே.

சாட்சியத்தை உடனுக்குடன் மொழிபெயர்க்காமல், கேள்வி முழுதாக முடிந்த பின் சைகை, பதில் முழுதாக முடிந்த பின் பேச்சு என்று நடத்தினார்கள். நேரம் கூடுதலாயிற்று, வழக்கறிஞர் ஒருவர் சலித்துக்கொண்டார். ஆனால் பேச்சைத் துரத்திக்கொண்டே மொழிபெயர்க்கும்போது விடுபடுவது அதிகம் என்பது இத்துறையினர் அறிந்தது. முழு விசாரணையும் காணொளியாகப் பதிவானது. சைகைக்கு எழுத்துப் பதிவு கிடையாது. தாளில் இருப்பது மொழிபெயர்ப்பாளரின் சொற்களே. மூலச் சாட்சியத்தைப் பின்னாளில் சரிபார்க்கக் காணொளியை விட்டால் வேறு வழியில்லை.

நடுவில் ஒரு கட்டம். “பூட்டைத் திறந்தீர்களா?” என்று கேட்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் கையை உயர்த்தி, “மொழிபெயர்ப்பாளர் சார்பில் ஒரு விளக்கம் தேவை. இந்தச் சைகையில் திறக்கும் விதமும் சேர்ந்தே வரும். சாவியால் திறந்ததாகக் காட்டவா, நெம்பியதாகக் காட்டவா? எதைக் காட்டினாலும் கேள்வியில் இல்லாத ஒன்றை நான் சேர்த்ததாகும்” என்றார். வழக்கறிஞர் யோசித்து, கேள்வியை இரண்டாகப் பிரித்தார். பூட்டு மூடியிருந்ததா, நீங்கள் வந்தபோது அது எந்த நிலையில் இருந்தது என்று கேட்டார். வந்தபோதே திறந்து கிடந்தது என்பது அந்தப் பதிலில்தான் வெளிவந்தது. முதல் விசாரணையில் இந்தக் கேள்வி சாவியைத் திருப்பும் சைகையோடு கேட்கப்பட்டிருந்ததாக நம் உறுப்பினர் நினைவுகூர்ந்தார். புரியாததைப் புரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் நிறுத்திக் கேட்பவரே தகுதியானவர். மொழிபெயர்ப்பாளர் குறுக்கிட்டால் எரிச்சல்படும் வழக்கறிஞர்களுக்கு இந்த நிகழ்வை எடுத்துச் சொல்லலாம்.

முன்பு ‘ஆம்’ எனப் பதிவான எட்டில் மூன்று மட்டுமே ‘ஆம்’ ஆக நின்றன. நான்கு ‘இல்லை’ ஆயின. ஒன்றுக்கு, “அந்தக் கேள்வியை அன்று யாரும் என்னிடம் கேட்கவில்லை” என்றார்.

இதற்குப் பிறகு காது கேளாத உறுப்பினர்களை மட்டும் தனியே அழைத்து, மொழிபெயர்ப்பாளரிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டோம். முன்னதாக வந்து கொஞ்ச நேரம் என்னோடு பேச வேண்டும் என்றார்கள் பலர். அறையில் நடப்பது முழுவதையும் சொல்ல வேண்டும், வழக்கறிஞர்கள் தங்களுக்குள் முணுமுணுப்பதையும் சேர்த்து, என்றார்கள். அறிவுரை சொல்லக் கூடாது, எனக்காக இரக்கப்பட்டுப் பதிலை அழகுபடுத்தக் கூடாது, வெளியே போய் ஒரு சொல்லும் பேசக் கூடாது. என் வழக்கறிஞரோடு நான் தனியே பேசியதை மொழிபெயர்த்தவரே நீதிமன்றத்துக்காகவும் நிற்க வேண்டாம் என்று ஒருவர் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. சரியான கோரிக்கை.

கருத்து வேறுபாடும் எழுந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர், “என் அக்காவைவிட என்னை யார் புரிந்துகொள்வார்கள்? சான்றிதழ் வேண்டாம், அக்கா போதும்” என்றார். அவருடைய அச்சம் எனக்குப் புரிகிறது. முன்பின் தெரியாதவரிடம் தன் வாயை ஒப்படைப்பது எளிதல்ல. ஆனால் அதே கூட்டத்தில் இன்னொரு பெண் உறுப்பினர் சொன்னார்: “என் தம்பி மொழிபெயர்த்தான். நான் கோபமாகச் சொன்னதை அவன் பணிவாகச் சொன்னான். என் நல்லதுக்கென்று சில கேள்விகளை என்னிடம் சொல்லவே இல்லை.” உறவினர் உடன் இருக்கலாம், ஆறுதல் தரலாம். சாட்சியத்தை அவர் மொழிபெயர்க்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. வீட்டுச் சைகை புரியவில்லை என்றால் அதற்கு விடை காது கேளாத மொழிபெயர்ப்பாளர்தான்.

இந்த ஆண்டு நடுப்பகுதியில் செயற்குழு, முழு அங்கீகாரம் இல்லாதவரை நம் சங்கத்தின் பெயரில் விசாரணைக்கு அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தது. இதனால் சில நாட்களில் யாரையும் அனுப்ப முடியவில்லை, விசாரணைகள் தள்ளிப்போயின, உறுப்பினர்கள் சிலர் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானது. தேவைக்கு ஏற்ற எண்ணிக்கையில் ஆட்கள் இல்லை என்பதே உண்மை. ஆயினும் அந்த எட்டு ‘ஆம்’களைப் பார்த்த பிறகு, தள்ளிப்போன தேதியைச் சரிசெய்யலாம், தவறாகப் பதிவான வாக்குமூலத்தை அவ்வளவு எளிதில் அழிக்க முடியாது என்று கருதினேன்.

ஆகவே இரண்டு தீர்மானங்களைச் சபையின் முன் வைக்கிறேன். முதலாவது, நீதிபதி அன்று கேட்ட கேள்விகளை ஒரு பக்கத் தாளாக அச்சிட்டு, உறுப்பினர்கள் அனைவருக்கும் நீதிமன்றப் பதிவாளருக்கும் வழங்குவது. இரண்டாவது, பயிற்சி நிலையில் உள்ள நம் மொழிபெயர்ப்பாளர்கள் மூத்தவரோடு சென்று, மொழிபெயர்க்காமல் விசாரணையைப் பார்த்துப் பழக நீதிமன்றத்திடம் அனுமதி கோருவது. இப்படிப் பார்த்துப் பழகும் முதல் ஆளாகச் செல்ல, முதல் விசாரணையில் மொழிபெயர்த்த அந்த இளம்பெண் விண்ணப்பித்திருக்கிறார். வகுப்புகளில் மீண்டும் சேர்ந்து அங்கீகாரத் தேர்வுக்குப் படித்துவருகிறார். அவரை ஏற்கும்படி செயற்குழு பரிந்துரைக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்